ஸ்ப்ளிட் கீபோர்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ரெக்கார்ட், கோடிங் டெஸ்ட் என்று ராத்திரி பூரா டைப் பண்ணிட்டு மணிக்கட்டைப் பிடிச்சு உதறுற ஆளா நீங்க? அப்போ நடுவில் ரெண்டா பிளந்த அந்தக் கீபோர்டை யூட்யூபில் பார்த்து, விலையையும் பார்த்து பெருமூச்சு விட்டிருப்பீங்க. என் கருத்து இதுதான்: அது ஏமாற்று வேலை இல்லை, நிஜமாவே உதவும். ஆனா மணிக்கட்டு வளையுற ரெண்டு விதத்தில் ஒன்றைத்தான் அது சரி பண்ணும். உங்க பிரச்சினை எதுன்னு தெரியாம காசைப் போடாதீங்க.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சாதாரணக் கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்குச் சுமார் 19 மில்லிமீட்டர். F-க்கும் J-க்கும் நடுவே மூணு கீ தூரம், அதாவது ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. உங்க முழங்கைகளோ உடம்பின் ரெண்டு பக்கமும், ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. அதனால முன்கைகள் ரெண்டும் உள்நோக்கிச் சாய்ந்து வருது. ஆனா கீ வரிசை நேராக இருக்கு. விரல்களை அந்த வரிசைக்கு ஒத்துப்போக வைக்க, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமா வளையுது. மணி நேரக் கணக்கில் அப்படியே நிற்குது.

மணிக்கட்டுக்குள்ளே கார்ப்பல் டனல் என்று ஒரு குறுகிய வழி. அதுக்குள்ள விரல்களை மடக்குற ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கி அடிச்சுப் போகுது. மணிக்கட்டு வளைய வளைய அதுக்குள்ள அழுத்தம் கூடும். ஸ்ப்ளிட் கீபோர்டு ரெண்டு பாதியையும் தோள்பட்டை அகலத்துக்குத் தள்ளி வைக்குது. முன்கை நேரா வருது, மணிக்கட்டும் நேரா நிற்குது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ரெண்டாவது வளைவு மேல்நோக்கியது: உள்ளங்கை கீழே தொங்க, விரல்கள் மேலே தூக்கி நிற்பது. இதைப் பிளவு சரி பண்ணாது. கீபோர்டுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு குட்டிக் கால்களை மடக்கறதும், நாற்காலியை உயர்த்தி முழங்கையைக் கீபோர்டு மட்டத்துக்குக் கொண்டு வர்றதும்தான் வழி. அந்தக் கால்களை விரிச்சு வைப்பது வளைவை இன்னும் கூட்டும். ஹாஸ்டல் பிளாஸ்டிக் நாற்காலியும் உயரமான மேசையும் சேர்ந்தா, பெரும்பாலும் இந்த வளைவுதான் வில்லன்.

எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நீங்க டைப் பண்ணும்போது ரூம்மேட்டை ரெண்டு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. ஒன்று நேர் மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில். மேலிருந்து எடுத்ததில் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை கோடு போடுங்க. மணிக்கட்டில் கோடு உடைஞ்சா ஸ்ப்ளிட் உதவும். பக்கவாட்டுப் படத்தில் உடைஞ்சா முதலில் நாற்காலியைக் கவனிங்க.

மேலிருந்து உடையுதுன்னா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஒத்திகை பாருங்க. ரெண்டு யூஎஸ்பி கீபோர்டை ஒரே லேப்டாப்பில் சொருகுங்க. இடது பக்கக் கீபோர்டில் இடது கை மட்டும், வலது பக்கத்தில் வலது கை மட்டும். விண்டோஸ், லினக்ஸ் ரெண்டிலும் ஒன்றில் Shift அழுத்திட்டு மற்றதில் எழுத்தை அடிச்சா வேலை செய்யும். மேக்கில் தானா செய்யாது. இடது பக்கத்துக்கு நம்பர் பேட் இல்லாத சின்னக் கீபோர்டு வேணும், இல்லைன்னா கைகள் தோள்பட்டையைத் தாண்டி விரிஞ்சிடும். முதல் ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும். B-யை இத்தனை நாளும் எந்தக் கையால் அடிச்சீங்கன்னு அப்போதான் தெரியும்!

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கைவலி இருந்த 80 கம்ப்யூட்டர் பயனாளர்களை ஆறு மாதம் கவனித்த ஓர் ஆய்வு 1999-இல் அமெரிக்காவில் வெளியானது. நடுவில் பிரிந்து வளைந்த மைக்ரோசாஃப்ட் நேச்சுரல் கீபோர்டைப் பயன்படுத்தியவர்களுக்கு வலி குறைந்தது. ஆனா மருத்துவப் பரிசோதனை முடிவுகளில் அதுக்கு ஏற்ற முன்னேற்றம் தெரியலை. அதாவது இது சிரமத்தைக் குறைக்கிற சாதனம், வைத்தியம் இல்லை.

அதனால ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீங்க. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுறீங்கன்னா, நான் சொன்ன நரம்பு நெருக்கப்படுதுன்னு சந்தேகப்படணும். அப்போ ஷாப்பிங் கார்ட்டை மூடிட்டு டாக்டரைப் பாருங்க.