கூலி சங்கத்தின் கையில், ஆட்கணக்கு முதலாளியின் கையில்

2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கமே நிர்வாகத்துடன் பேசும் ஒரே சங்கம் என்கிறது அது. அதே தொகுப்பு, ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசிடம் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தியுள்ளது. கூலி பற்றிப் பேசும் ஏகபோக உரிமை ஒரு சங்கத்துக்கு. எத்தனை பேரை வைத்துக்கொள்வது என்ற முடிவு பெருமளவுக்கு முதலாளிக்கு. இந்தப் பங்கீடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மும்பை ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

முதலாளித்துவப் பொருளாதாரப் பாடநூல்களில் இதற்கு ஒரு வரைபடம் உண்டு. கூலி உயர உயர, முதலாளி வேலைக்கு எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கை குறைவதைக் காட்டும் சரிவான கோடு அது; உழைப்புக்கான தேவைக்கோடு எனப்படும். சங்கம் உழைப்புச் சக்தியின் ஒரே விற்பனையாளராக நின்று கூலியை நிர்ணயிக்கிறது. முதலாளி அந்தக் கூலிக்கு எத்தனை பேர் என்பதைக் கோட்டைப் பார்த்து முடிவுசெய்கிறார். 1944இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜான் டன்லப் சங்கங்களை இந்த முறையில் ஆராய்ந்தார்.

ஒரு கற்பனைக் கணக்கு இதை விளக்கும். ஓர் ஆலையில் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூலியில் 100 பேர் வேலை செய்கிறார்கள். சங்கம் கூலியை 110 ரூபாயாக்குகிறது. முதலாளி 4 பேரைக் குறைத்தால், எஞ்சிய 96 பேரின் மொத்தக் கூலி 10,560 ரூபாய். முன்பு கிடைத்த 10,000 ரூபாயைவிட அதிகம். 20 பேரைக் குறைத்தால் மொத்தக் கூலி 8,800 ரூபாயாகச் சுருங்கிவிடும். கோரிக்கை ஒன்றுதான், போராட்டமும் ஒன்றுதான். கோடு செங்குத்தா, படுக்கையா என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

கோட்டின் சரிவைத் தீர்மானிக்கும் காரணிகளை ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் தொகுத்துச் சொன்னார். அவற்றில் களத்தில் முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: இந்தத் தொழிலாளர்களுக்குப் பதிலாக வேறு ஆளையோ இயந்திரத்தையோ எளிதில் கொண்டுவர முடியுமா? இந்த ஆலையின் சரக்குக்குப் பதிலாக வேறிடத்துச் சரக்கைச் சந்தை ஏற்குமா?

செம்பூரை அடுத்த மாஹுலில், 1950களில் தொடங்கப்பட்ட இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. எஸ்ஸோ, பர்மா ஷெல் என்ற பெயர்களில் இயங்கி, 1970களில் நாட்டுடைமையானவை. அங்கே மொத்தச் செலவில் கூலியின் பங்கு சிறியது. பிரதான செலவு கச்சா எண்ணெய். ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. அதன் வேலையைக் குடிசைத் தொழிலாக்கவும் முடியாது. நிரந்தரத் தொழிலாளியைப் பொறுத்தவரை அங்கே கோடு செங்குத்தானது.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பரேல், லால்பாக் பகுதிகளின் பஞ்சாலைகளில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலின் 25 சதவீதத் தொழிலாளர்களை உறுப்பினராகக் காட்டும் சங்கம் ‘பிரதிநிதித்துவச் சங்கம்’ ஆகும். அந்தத் தகுதி ஐஎன்டியுசியைச் சார்ந்த ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கத்தின் வசம் இருந்தது. நகரின் பஞ்சாலைகள் அனைத்திற்கும் கையெழுத்திடும் உரிமை அதற்கு மட்டுமே. 1928இல் ஆறு மாத வேலைநிறுத்தத்தை நடத்திய செங்கொடியின் கிர்ணி காம்கார் சங்கத்துக்கும் அந்த உரிமை இல்லை. சட்டம் வழங்கிய ஏகபோகம் ஓரிடத்தில். தொழிலாளர்களின் நம்பிக்கை வேறிடத்தில்.

1981 தீபாவளி போனஸ் தகராறில் இந்த முரண் வெடித்தது. தொழிலாளர்கள், பொறியியல் ஆலைகளில் பெரும் கூலி உயர்வுகளை வென்றிருந்த டாக்டர் தத்தா சாமந்தைத் தேடிச் சென்றனர். 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு, பத்லித் தொழிலாளர்களை நிரந்தரமாக்குதல், பம்பாய் தொழிலுறவுச் சட்டத்தை நீக்குதல் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். ஒற்றுமையில் குறை இருக்கவில்லை. ஓராண்டுக்கும் மேலாக உறுதி தளரவில்லை.

ஆனால் பிவண்டியில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1956க்குப் பின் ஆலைகளின் தறி விரிவாக்கத்தை அரசு கட்டுப்படுத்த, வரிச் சலுகைகளின் துணையோடு விசைத்தறி வளர்ந்தது. குறைந்த கூலி, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பெரும்பாலும் சங்கமில்லாத தொழிலாளர்கள். ஆலை முதலாளிகள் அங்கே துணி நெய்வித்துத் தங்கள் முத்திரையைக் குத்தி விற்றனர். ஆலையின் வாயில் பூட்டப்பட்டிருந்தபோதும் அதன் பெயர் தாங்கிய துணி கடைக்கு வந்துகொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளியின் தேவைக்கோட்டைப் படுக்கையாக்கியது இதுவே. பிவண்டி அமைப்பாகாதவரை, பரேலில் உழைப்பின் முழு ஏகபோகம் எந்தச் சங்கத்துக்கும் கிடைத்திருக்க முடியாது.

இரண்டாவது காரணம் நிலம். பாடநூல் கோடு, முதலாளி துணியை விற்றே லாபம் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்கிறது. நகரின் நடுவே ஆலைகளின் கீழிருந்த நிலமோ, துணியைவிட மதிப்புமிக்கதாக மாறிக்கொண்டிருந்தது. 1991இல் வந்த 58ஆம் எண் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும் இன்னொன்றைப் பொதுவீட்டு வசதிக்கும் ஒதுக்கியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பகிர்வை ஆலையின் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆலையை மூடுவதே லாபமாகும் இடத்தில், கூலியைக் குறைத்துக்கொள்வதாலும் வேலை நிலைக்காது. கூலிக் கோரிக்கையே ஆலைகளைக் கொன்றது என்னும் வாதம் இங்கே உடைகிறது.

அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. பல்லாயிரக்கணக்கானோர் திரும்ப எடுக்கப்படவில்லை.

தாராவியில் படம் மீண்டும் மாறுகிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறைகளாகத் தோல் தொழிலில் உழைத்த இடம் அது. தோல் பைகளையும் ஆயத்த ஆடைகளையும் பீஸ் கணக்கில் தைப்பவருக்கு, வேலை தரும் வியாபாரிகள் சிலரே. இங்கே ஏகபோகம் வாங்குபவரிடம் இருக்கிறது. உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகவே கூலி இருக்கும் இத்தகைய இடத்தில், அதை ஓரளவுக்கு உயர்த்துவதால் வேலை குறைய வேண்டியதில்லை என்பதை 1933இல் ஜோன் ராபின்சனின் ஆய்வு காட்டியது. உயர்வு முழுவதும் வியாபாரியின் உபரியிலிருந்தே வரக்கூடும். ஆனால் ஒரு சந்தில் மட்டும் விலையை உயர்த்தினால் வேலை அடுத்த சந்துக்குப் போகும். பீஸ் விலை தாராவி முழுவதற்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செங்குத்தான கோடும் நிலையானதல்ல. மாதுங்கா ரயில்பெட்டிப் பணிமனையில் சம்பளத்தை நாடு முழுவதற்குமான ஊதியக் குழு வகுக்கிறது; அடுத்த ஊரில் மலிவான ரயில்வே கிடையாது. ஆனால் பணியிடங்களை நிரப்பாமல், வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடும் வழி நிர்வாகத்துக்குத் திறந்தே இருக்கிறது. மாஹுல் போன்ற சுத்திகரிப்பு ஆலைகளிலும் அதே வழி உண்டு. பிவண்டி அப்போது வேறு ஊரில் இருந்தது. ஒப்பந்தமுறை அதை ஆலை வளாகத்துக்குள்ளேயே கொண்டுவருகிறது.

ஆகவே 51 சதவீதத்தை எட்டுவது தொடக்கம் மட்டுமே. எந்த ஒப்பந்தத்திலும் கூலியோடு ஆட்கணக்கும் எழுதப்பட வேண்டும்: ஓர் இயந்திரத்துக்கு எத்தனை பேர், ஓய்வுபெறுவோரின் இடங்கள் எப்போது நிரப்பப்படும், எந்த வேலைகளை வெளியே தரக்கூடாது. 1982இல் பத்லித் தொழிலாளர்களுக்காக எழுந்த கோரிக்கையின் உள்ளடக்கம் இதுவே. அதோடு, அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியும் வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணும் அதே சங்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் வெளியே நிற்கும்வரை, கோட்டை வரையும் பென்சில் முதலாளியின் கையிலேயே இருக்கும்.