ரீபவுண்ட் உயரமான பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்ததில்லை



எங்கள் பக்கத்தில் கூடைப்பந்து அணி தெரிவு செய்யும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. நெடுவலான பிள்ளைகள் றிங்குக்குக் கீழே. கட்டையான பிள்ளைகள் வெளியே. "ரீபவுண்ட் உன்ர வேலையில்லை, நீ திரும்பி ஓடு" என்று அவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். இது பிழையான வழக்கம் என்பது எங்கள் கருத்து. றிங் 10 அடி உயரத்தில் இருந்தாலும், தவறிய பந்து கீழே வந்துதான் ஆக வேண்டும். அது வரும் இடத்தை முதலில் பிடித்தவருக்கே வாய்ப்பு அதிகம்.

இந்த எண்ணம் வலைப்பந்தில் இருந்தும் வருகிறது. ஈவினை தந்த தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. வலைப்பந்தில் எதிராளியின் மேல் முட்டி அவரின் ஆட்டத்தைத் தடுக்கக் கூடாது. அதனால் அங்கே உயரம் பெரிய பலம். கூடைப்பந்தில் சட்டம் வேறு. முதலில் ஓர் இடத்தை எடுத்து நின்றால், அந்த இடம் உங்களுடையது. பின்னால் வருபவர் உங்களைத் தள்ளினால் பவுல் அவருக்கு. வலைப்பந்து ஆடிப் பழகிய பிள்ளை உடம்பு படாமல் விலகி நிற்கும். அதனால் இடமும் போய்விடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். எங்கள் பிள்ளை 5 அடி 3 அங்குலம். அவர் மறிக்கும் பிள்ளை 5 அடி 9. வலது மூலையில் இருந்து எதிரணி ஷூட் பண்ணுகிறது. எங்கள் இருவரும் இடப்பக்கம் நிற்கிறார்கள். மூலையில் இருந்து எறிந்து தவறும் பந்து பெரும்பாலும் மறுபக்கம்தான் விழும். ஆகவே அது இவர்கள் பக்கம் வரப்போகிறது.

பந்து கையை விட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் பிள்ளை அப்போது பந்தைப் பார்க்காமல் தன் ஆளைப் பார்க்க வேண்டும். அவர் எந்தப் பக்கத்தால் வருகிறாரோ, அந்தப் பாதையில் ஒரு கால் வைக்க வேண்டும். பிறகு அந்தக் காலில் சுழன்று, முதுகை அவர் பக்கம் திருப்ப வேண்டும். கால்கள் தோளை விட அகலம், முழங்கால் மடிந்து, இடுப்பு பதிந்து, இரண்டு கையும் மேலே. இதுதான் பொக்ஸ் அவுட்.

கட்டையாக இருப்பது இங்கேதான் உதவுகிறது. எங்கள் பிள்ளையின் இடுப்பு நெடுவலான பிள்ளையின் தொடையில் முட்டி நிற்கும். துள்ளுவதற்கு முழங்காலை மடித்து முன்னே வர வேண்டும். அதற்கு அவருக்கு இடமில்லை. அவரின் பாரம் முதுகில் தெரிந்தால் சரியாக நிற்கிறோம். ஒன்றும் தெரியாவிட்டால் அவர் சுற்றிப் போய்விட்டார்.

மூன்று இடத்தில் பிழைக்கும். ஒன்று, றிங்குக்கு நேர் கீழே போய் நிற்பது. தவறிய பந்து அங்கே விழாது, தலைக்கு மேலால் போகும். றிங்கில் இருந்து ஐந்தாறு அடி தள்ளி மறிப்பதே நல்லது. இரண்டு, பின்பக்கத்தால் இடித்துத் தள்ளுவது அல்லது கையைப் பின்னால் போட்டுக் கொளுவுவது. அது எங்கள் பவுல். மூன்று, அவர் துள்ளிய பிறகு காலடியில் புகுவது. அது பவுல் மட்டுமல்ல, விழுபவரின் கை கால் முறியும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எங்களில் முட்டாமல் மேலால் கையை நீட்டிப் பந்தை எடுத்தால் நடுவர் விசில் ஊத மாட்டார். ஆகவே பிடிக்க முடியாவிட்டால் பந்தைத் தட்டி எங்கள் ஆள் நிற்கும் பக்கம் விட வேண்டும். எதிரணியின் கையில் போனால் அவர்களுக்கு இன்னொரு 14 வினாடி கிடைக்கும்.

அமெரிக்காவின் சார்ல்ஸ் பார்க்லியின் உயரம் 6 அடி 6 என்று பதிவு. உண்மையில் அதை விடவும் குறைவு. ஏழடிக்காரர் நிறைந்த என்பிஏயில், 1986-87 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 14.6 ரீபவுண்டுடன் அவரே முதலிடம். அகன்ற இடுப்பால் இடம் பிடித்தவர் அவர்.

பழக்குவதற்குச் செலவில்லை. ப்ரீ த்ரோ வட்டத்தின் நடுவில் பந்தை வைத்து, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியில் இருப்பவர் மூன்று வினாடிக்குப் பந்தைத் தொடாமல் முதுகால் மறிக்க வேண்டும். துள்ளவே தேவையில்லை.

பயிற்றுநர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். ஆட்டத்தில் யார் எத்தனை ரீபவுண்ட் எடுத்தார் என்று மட்டும் எழுதாதீர்கள். யார் தன் ஆளை மறித்து நின்றார் என்றும் எழுதுங்கள். கட்டையான பிள்ளையின் உழைப்பு அந்தக் கணக்கில்தான் தெரியும்.