உண்டியலில் எத்தனை ஐம்பது சென்?

உண்டியலில் 20 சென், 50 சென் நாணயங்கள் மட்டும் இருக்கின்றன. மொத்தம் 35 நாணயங்கள். மதிப்பு 11 ரிங்கிட் 50 சென். ஒவ்வொரு வகையிலும் எத்தனை?

முதலாம் படிவத்தில் இப்படி ஒரு கணக்கைக் கண்டதும் மாணவர்கள் x, y என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சமன்பாடு தவறன்று. ஆனால் அதை எழுதுவதற்கு முன் நாணயங்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் சற்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எல்லாமே 20 சென் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 நாணயங்களுக்கு 700 சென் ஆகிறது. நமக்கு வேண்டியதோ 1150. அதாவது 450 சென் குறைகிறது. இப்போது ஒரு 20 சென்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு 50 சென்னை வையுங்கள். எண்ணிக்கை மாறாது, மதிப்பு மட்டும் 30 சென் கூடும். 450ஐ 30ஆல் வகுத்தால் 15. ஆக, 50 சென் 15, 20 சென் 20. சரிபார்த்தால் 750உம் 400உம் சேர்ந்து 1150.

சமன்பாட்டில் நீக்கல் முறை செய்வதும் இதே வேலைதான். x + y = 35 என்பதை 20ஆல் பெருக்கி, 20x + 50y = 1150 என்பதிலிருந்து கழித்தால் 30y = 450. அந்த 30 எங்கிருந்து வந்தது என்பதை நாணயத்தை மாற்றிப் பார்த்தவர் அறிவார். மனப்பாடம் செய்தவர் அறியமாட்டார்.

பிழை நேர்ந்தாலும் இந்த யோசனை காட்டிக்கொடுக்கும். 35 நாணயங்களின் மதிப்பு 700 சென்னுக்குக் குறையாது, 1750 சென்னைத் தாண்டாது. சிலர் நாணய மதிப்பை ரிங்கிட்டிலும் மொத்தத்தைச் சென்னிலும் எழுதிவிடுகிறார்கள்: 0.2x + 0.5y = 1150. விடை y = 3810 என்று வரும். இருப்பதே 35 நாணயங்கள்! ஆனாலும் அந்த விடையின் கீழ் இரண்டு கோடு போட்டு முடிப்பவர்கள் உண்டு.

மொத்தம் 12 ரிங்கிட் என்றிருந்தால்? 500ஐ 30ஆல் வகுத்தால் முழு எண் வராது. சமன்பாடு ஒரு பின்னத்தைத் தரும். உண்டியலில் பின்ன நாணயம் கிடையாது. அந்தக் கணக்குக்கு விடையே இல்லை என்று துணிந்து எழுதலாம்.

என் குறை வினாத்தாள் மீதும்தான். எண்ணிக்கையைச் சொல்லாமல், இவ்விரு வகையிலும் குறைந்தது ஒன்றாவது இருக்க 11 ரிங்கிட் 50 சென் எப்படி அமையும் என்று ஏன் கேட்பதில்லை? 20 சென் நாணயங்கள் எத்தனை சேர்ந்தாலும் கடைசியில் 50 சென் மிச்சம் வராது. எனவே 50 சென் நாணயங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும்: 1, 3, 5 என்று 21 வரை. 11 விடைகள், எல்லாமே சரி. எண்ணிக்கை 35 என்று சொன்னபோது அவற்றில் பத்து விலகி, ஒன்று நின்றது.