"வந்தா"வுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்து

ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தீர்ப்பு ரொம்ப நாளாக அமலில் இருக்கிறது. "நம்ம பிள்ளைங்க கடைசி எழுத்தை முழுங்குதுங்க." எங்கள் மல்லாபூரில் நாலு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்தால் போதும், பெரியவர் யாராவது ஒரு குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு, "'வந்தா' இல்லம்மா, 'வந்தாள்'னு சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார். குழந்தை ரெண்டு தடவை சொல்லும். மூன்றாவது தடவை ஹிந்திக்கோ தெலுங்குக்கோ தாவிவிடும்.

என் கட்சி இதற்கு நேரெதிர். அந்த எழுத்து தொலையவே இல்லை. குழந்தையின் மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாமல் தீர்ப்பு சொல்வதுதான் தப்பு.

எப்படிப் பார்ப்பது? இந்த ரெண்டு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அவ நேத்து வந்தா.
அவ நாளைக்கு வந்தா சொல்லு.

முதல் "வந்தா", எழுத்தில் "வந்தாள்". ரெண்டாவது "வந்தால்". பேச்சில் இரண்டும் ஒன்றுதான். ஒற்றைச் சொல்லாக "வந்தா" என்று சொன்னால் எது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லின் கடைசியில் ள், ல் என்கிற வித்தியாசம் அழிந்துபோகிறது. இப்போது இரண்டோடும் ஓர் 'ஏ' சேருங்கள்.

அவ நேத்தே வந்தாளே!
அவ வந்தாலே வீடு கலகலப்புதான்.

வித்தியாசம் திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா? என் மகளுக்கு ஆறு வயது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் வராது. ஆனால் "நேத்தே வந்தாலே" என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எழுத்தே தெரியாத குழந்தை சரியான இடத்தில் சரியான மெய்யை எங்கிருந்து எடுக்கிறது? உள்ளே இருந்தால்தானே எடுக்க முடியும்!

பிள்ளைகள் "போலாம்", "போனான்" என்று சொல்வதைக் கவனியுங்கள். ரெண்டும் மூக்கொலியோடு கூடிய ஒரே 'ஆ'வில் முடியும். உதடும் ஒட்டாது, நாக்கும் ஒட்டாது. கேள்வியாக்குங்கள்: "போலாமா?", "போனானா?" ம் ஓர் இடத்தில், ன் ஓர் இடத்தில், தானாக வந்து உட்காரும்.

இதற்குப் பெரியவர்கள் தரப்பு பதில் என்ன? "நாம அப்படி எழுதுறோம், அதனால அங்க ள் இருக்கு." சார், இது தலைகீழ் வாதம். ஜெர்மன் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே சக்கரத்துக்கு ஒரு சொல், ஆலோசனைக்கு ஒரு சொல். தனியாகச் சொன்னால் இரண்டும் "ராட்"தான். "பட்டம்" என்பதில் வரும் வல்லோசையில் இரண்டும் முடியும். "-எஸ்" என்ற விகுதி சேர்ந்ததும் சக்கரத்தில் மட்டும் "படம்" என்பதில் வரும் மெல்லிய ஓசை வந்துவிடும். ஆலோசனையில் வல்லோசை அப்படியே நிற்கும். இடைக்கால ஜெர்மனில் இப்படிப்பட்ட சொற்களைக் காதில் விழுந்தபடி வல்லெழுத்திலேயே முடித்து எழுதுவது வழக்கம். இன்று சக்கரத்தை மெல்லெழுத்தில் முடிக்கிறார்கள், ஆலோசனையை வல்லெழுத்தில் முடிக்கிறார்கள். எழுதும் வழக்கம் மாறியது. எது எப்போது மெல்லோசையாகும் என்ற கணக்கு பேசுகிறவர் மனதில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆக, எழுத்து சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்ல முடியாது.

எதிர்த் தரப்பும் ஒன்று உண்டு. "பேச்சுல இல்லாத எழுத்தை ஏன்யா இருக்குன்னு சொல்றே? 'வந்தா'தான் அடிப்படை. 'ஏ' சேரும்போது நடுவுல ஒரு மெய் நுழையுது, அவ்ளோதான். உடம்படுமெய் மாதிரி." நியாயமான கேள்வி. பதில் "நிலா"வில் இருக்கிறது. "நிலா"வும் 'ஆ'வில்தான் முடிகிறது. 'ஏ' சேர்த்தால் "நிலாவே". இப்போது வரிசையாக வையுங்கள்: நிலாவே, வந்தாளே, வந்தாலே, போலாமே, போனானே. நடுவில் நுழைகிற மெய்தான் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மெய் நுழைய வேண்டும், அல்லது எது நுழையும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு விதி வேண்டும். 'ஆ'வைப் பார்த்து அப்படி ஒரு விதியும் சொல்ல முடியாது. ஆனால் ள், ல், ம், ன் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன, சொல்லின் கடைசியில் மட்டும் மறைகின்றன என்று வைத்தால் கணக்கு சுத்தமாக முடிகிறது. உள்ளே எதுவும் இல்லாத "நிலா"வுக்கு மட்டும் வ் என்ற உடம்படுமெய் வருகிறது. ஒரு சொல்லின் அடிப்படை வடிவத்தை மொழியியலாளர்கள் முடிவு செய்வது இப்படித்தான்: எந்த வடிவத்திலிருந்து புறப்பட்டால் மற்ற வடிவங்களை விதியால் வரவழைக்க முடியுமோ, அதுவே அடிப்படை.

அப்படியானால் எப்போதும் விகுதி சேர்த்துப் பார்த்தால் போதுமா? போதாது. "அவன் பாடின பாட்டைச் சொன்னா", "அவன் பட்ட பாட்டைச் சொன்னா". இரண்டு இடத்திலும் "பாட்டை"தான். இங்கே விகுதி சேரும்போது வித்தியாசம் அழிகிறது. தனியாகச் சொன்னால்தான் ஒன்று "பாட்டு", இன்னொன்று "பாடு" என்று தெரிகிறது. ஆகவே எந்த வடிவத்தில் வித்தியாசம் பிழைத்திருக்கிறதோ அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வேறு இடமாக இருக்கலாம்.

இப்போது நம் வீட்டுக் கவலைக்கு வருகிறேன். பார்க்கவே இடமில்லாமல் போனால் என்ன ஆகும்? இத்திஷ் மொழியைக் கேளுங்கள். ஜெர்மன் நிலங்களிலிருந்து கிழக்கே குடிபெயர்ந்த யூதர்களின் மொழி, நம்மைப்போலவே ஊர் விட்டு ஊர் போன மொழி. அதன் மூதாதையான இடைக்கால ஜெர்மனில் "வழி" என்ற சொல் கடைசியில் வல்லோசையோடு ஒலித்தது, விகுதி சேர்ந்தால் மெல்லோசை திரும்பும். பிற்காலத்தில் இத்திஷ் இந்த வல்லோசை விதியைக் கைவிட்டது. "வழி"க்கு "தங்கம்" என்பதில் வரும் மெல்லிய ஓசை கடைசியிலும் திரும்பிவிட்டது, ஏனென்றால் விகுதி சேர்ந்த வடிவத்தில் அது உயிரோடு இருந்தது. அதே சொல்லிலிருந்து பிறந்த "அவெக்" (அப்பால், போய்விட்டது) மட்டும் "பக்கம்" என்பதில் வரும் வல்லோசையோடு நின்றுவிட்டது. அது விகுதி ஏற்காத சொல். உள்ளே வேறு ஓசை இருந்ததற்கு அடுத்த தலைமுறைக்குத் தடயமே கிடைக்கவில்லை.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. "வந்தா" என்று சொல்வதால் ள் சாகாது. "வந்தாளே", "வந்தாளா", "வந்தாலும்", "வந்தாலே" எல்லாம் வீட்டில் காதில் விழாவிட்டால் சாகும். "சாப்டியா, குளி, படி, தூங்கு" என்ற நாலு சொல்லில் நம் வீட்டுத் தமிழை முடித்துவிட்டு, மீதியை ஆங்கிலத்தில் பேசிவிட்டு, குழந்தை எழுத்தை முழுங்குகிறது என்று குற்றம் சொல்கிறோம்!

ஒரு குழந்தை "நேத்தே வந்தாலே" என்று சொன்னால் அது நிஜமான பிரச்சினை. ள் என்ற ஒலியே பிடிபடவில்லையா, அல்லது இந்தச் சொல்லில் மட்டும் தவறான எழுத்தா என்று பாருங்கள். "பள்ளி", "பல்லி" இரண்டையும் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும். திருத்த வேண்டிய இடம் அதுதான்.

"வந்தா"வை விட்டுவிடுங்கள். அது சரியான தமிழ். அதற்குப் பதில் இன்று ராத்திரி குழந்தையிடம் ஒரு முழுக் கதை சொல்லுங்கள். ராஜகுமாரி வந்தாளா, வந்தாலும் போனாளா என்று.