டீக்காசு கணக்கு

ஆயுள் காப்பீட்டு முகவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் வருடாவருடம் சொல்லிக்கொடுக்கப்படும் ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளர் "பிரீமியம் அதிகமா இருக்கு சார்" என்று சொன்னால், உடனே பிரீமியத்தை 365-ஆல் வகுக்க வேண்டும். "ஒரு நாளைக்கு ரெண்டு டீ, ஒரு வடை காசுதானே தம்பி, அதுகூட குடும்பத்துக்காக ஒதுக்க முடியாதா?" என்று கேட்க வேண்டும். பையன் வாயடைத்துப் போவான், கையெழுத்து விழும். வளர்ச்சி அதிகாரியாக நான் இருந்த காலத்திலும் இதே பாடம்தான். இப்போது என் நண்பர்களின் பிள்ளைகள் முகவர் தேர்வு எழுதிவிட்டு வந்து இதையே ஒப்பிக்கிறார்கள். இந்தக் கணக்கு தவறு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். வயது 29. கைக்கு வருவது மாதம் 28,000 ரூபாய். மனைவி, இரண்டு வயதில் ஒரு குழந்தை. இதுவரை ஒரு பாலிசியும் எடுத்ததில்லை. முகவர் அவனிடம் 5 லட்சத்துக்கு, 20 வருட எண்டோமென்ட் பாலிசி ஒன்றைக் காட்டுகிறார். பிரீமியம் வருடம் சுமார் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் "அதிகம்" என்கிறான். முகவர் நாளுக்கு 68 ரூபாய் என்று வகுத்துக் காட்டுகிறார்.

அந்தப் பையன் நாளுக்கு 68 ரூபாய் கட்டப்போவதில்லை. வருடத்தில் ஒரு நாள், மொத்தமாக 25,000 கட்டப்போகிறான். அது ஏறக்குறைய அவனுடைய ஒரு மாதச் சம்பளம். அந்த மாதம் வாடகையும் மளிகையும் எங்கிருந்து வரும்? முகவர் தன் டார்கெட்டுக்காக மார்ச் மாதத்தில் பாலிசியைப் போட்டிருந்தால், ஒவ்வொரு வருடமும் தவணை மார்ச்சில்தான் வந்து நிற்கும். பையனுக்கு போனஸ் வருவதோ தீபாவளிக்கு. மாதத் தவணையாக மாற்றினால் சுமை பிரியும் என்பது உண்மைதான். ஆனால் அதில் சலுகைக் காலம் 15 நாள் மட்டுமே, வருடத் தவணைக்கு உள்ளதுபோல் 30 நாள் கிடையாது. ஒரு மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பாலிசி காலாவதி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம். பையன் சொன்ன "அதிகம்" உண்மையிலேயே சரியான பேச்சு. நாளைக்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இன்றைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 5 லட்சம் வீட்டுக்கு ஒன்றரை வருடம்தான் வரும். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒன்றரை வருடப் பாதுகாப்பை வாங்கச் சொல்கிறோம். அதை அவன் அதிகம் என்று சொன்னால், அவனுக்குப் பதில் சொல்வதைவிட நம் பொருளை மாற்றுவதுதான் முறை.

ஆகவே, "அதிகம்" என்ற சொல்லைக் கேட்டதும் முகவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். வகுத்தல் கணக்கை மூடி வைத்துவிட்டு, "வருஷத்துல எந்த மாசம், எவ்வளவு கட்டினா உங்களுக்குச் சிரமம் இருக்காதுங்க தம்பி?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பையன் ஒரு தொகை சொன்னால், பிரச்சினை பணம். தொகை சொல்லாமல் "போட்ட காசு திரும்ப வருமா?" என்று கேட்டால், பிரச்சினை பொருளைப் பற்றிய சந்தேகம். "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால், விலை ஒரு சாக்கு, முடிவெடுப்பவர் வேறு ஒருவர். மூன்றுக்கும் டீக்கணக்கு மருந்தாகாது.

நம் பையன் "தீபாவளி போனஸ்ல ஒரு பத்தாயிரம் முடியும்" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தாயிரத்துக்குள் எண்டோமென்டைச் சுருக்கினால் காப்பீடு 2 லட்சமாகிவிடும், அதனால் பயனில்லை. பாதுகாப்பையும் சேமிப்பையும் பிரித்து, பாதுகாப்பை மட்டும் இப்போது வாங்க வேண்டும். புகைப்பழக்கம் இல்லாத, ஆரோக்கியமான 29 வயதுக்காரருக்கு 60 வயது வரை 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி பெரும்பாலும் அந்தப் பத்தாயிரத்துக்குள்ளேயே அடங்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். 50 லட்சத்தை 6 சதவீத வட்டியில் போட்டால் மாதம் 25,000 வரும். அவன் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஈடு.

"உயிரோட இருந்தா ஒண்ணும் வராதா?" என்று கேட்பான். வராது என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். வண்டிக்கு வருடாவருடம் இன்சூரன்ஸ் கட்டுகிறோம், விபத்து நடக்காத வருடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? பிரீமியத்தைத் திருப்பித் தரும் டேர்ம் திட்டங்களும் உண்டு. ஆனால் அதற்கான விலையும் பிரீமியத்திலேயே ஏறியிருக்கும்.

கட்டாயம் இல்லாவிட்டால் சேமிக்கவே மாட்டார்கள் என்று எண்டோமென்டுக்காக வாதாடுபவர்கள் உண்டு. சிலர் விஷயத்தில் அது உண்மையே. அவர்களுக்கு டேர்ம் எடுத்த பிறகு, மிச்சத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு ஒரு சேமிப்பு பாலிசி போடட்டும். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

டேர்ம் எல்லோருக்கும் கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ இல்லாத கூலித் தொழிலாளிக்குப் பெரிய தொகைக்கு நிறுவனங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. அவருக்கு வங்கிக் கணக்கு வழியாகப் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறது. வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம், 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இதில் முகவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி கமிஷன் இல்லை. அதனால்தான் பலர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

டீக்கணக்கைவிட மோசமான இரண்டு தள்ளுபடிகள் நம் ஊரில் நடக்கின்றன. ஒன்று, "முதல் தவணையில பாதியை நான் போட்டுக்கறேன்" என்பது. இது 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம், அபராதம் 10 லட்சம் வரை போகலாம். சட்டத்தை விடுங்கள். பாதி விலைக்கு வாங்கியவன் இரண்டாம் வருடம் முழு விலையைப் பார்த்ததும் நிறுத்திவிடுவான். இரண்டாவது, பிரீமியம் குறையட்டும் என்று படிவத்தில் புகைப்பழக்கமோ சர்க்கரையோ இல்லை என்று எழுதுவது. முதல் மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்தால் 45-ஆம் பிரிவின் கீழ் நிறுவனம் அதைக் கிளறலாம். குறைந்த பிரீமியம் கட்டிய குடும்பம் அன்று வெறுங்கையோடு நிற்கும்.

ஒரு முகவர் விலைப் பேச்சைச் சரியாகக் கையாண்டாரா என்று தெரிந்துகொள்ள பதின்மூன்றாம் மாதம் வரை பொறுத்திருங்கள். இரண்டாம் வருடத் தவணை, யாரும் துரத்தாமல் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. எண்டோமென்டைப் பாதியில் விட்டால் கையில் வருவது கொஞ்சம். 2024 அக்டோபர் முதல், ஒரு வருடத் தவணை கட்டியிருந்தாலே ஏதோ ஒரு சரண்டர் தொகை உண்டு என்று விதி வந்திருக்கிறது. ஆனாலும் தொடக்க வருடங்களில் அது கட்டியதைவிடக் குறைவுதான். முகவருக்கு முதல் வருடக் கமிஷன் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். நஷ்டம் முழுக்கப் பையனுடையது.

உங்கள் வீட்டுப் பேரனோ மருமகனோ முதல் பாலிசி எடுக்கும்போது முகவர் டீக்காசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "தவணை எந்த மாசம் வரும்? இவன் இல்லாமப் போனா வீட்டுக்கு எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, அந்த நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு போக மீதி வந்துவிடும். அந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள்.