கடைக்குப் போகும் முன் காகிதத்தை எடுங்கள்!

சலவை எந்திரம் வாங்கிய வீடுகள் சிலவற்றில் ஒரு வேடிக்கையைக் காணலாம். எந்திரம் மூலையில் நிற்கும். அதன் மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கும். வீட்டு அம்மாள் வழக்கம் போலக் கல்லில் துணி துவைத்துக் கொண்டிருப்பார்!

எந்திரம் கெட்டுப் போய்விட்டதா? இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? அதுவும் இல்லை. எந்திரம் நல்ல எந்திரம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு ஏற்ற எந்திரம் அல்ல. குழாயில் தண்ணீர் வேகமாக வராது. அல்லது, மூடியைத் திறக்க இடம் இருக்காது. இவை எல்லாம் வாங்கிய பிறகுதான் தெரிய வருகின்றன.

வாங்கும் முன்பே தெரிந்து கொள்ள வழி உண்டு. அதற்கு வேண்டியது ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு அளவு நாடா. மாடல்களைப் பார்ப்பதற்கு முன்பே, வீட்டுக்கு என்ன தேவை என்பதை எழுதிவிட வேண்டும். மாடல்களைப் பார்த்த பிறகு எழுதினால், கண்ணுக்குப் பிடித்த மாடலில் உள்ளவை எல்லாம் "தேவை" ஆகிவிடும்!

ஐந்து பேர் வீடு

உதாரணத்துக்கு, சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி. இரண்டு மாடிக் கட்டடத்தில், முதல் மாடியில் வீடு. தீபாவளி போனசில் சலவை எந்திரம் வாங்க நினைக்கிறார்கள்.

"நல்ல மெஷினாப் பார்த்து வாங்குங்க" என்கிறார் மனைவி. "கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்கிறார் கணவர். "எனக்கு இடுப்பு ஒடியாம இருந்தாப் போதும்" என்கிறார் பாட்டி. பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான்.

இந்த மூன்றும் ஆசைகள். இவற்றை அப்படியே கடையில் சொன்னால், எந்த எந்திரத்தைக் காட்டியும் "இது நல்ல மெஷின், பெரிய மெஷின், இடுப்பு வலிக்காது" என்று விற்பவர் கூறிவிடலாம். பட்டியலில் ஒரு வரி தேறுமா, தேறாதா என்று பார்க்க இதுவே சோதனை. எந்த மாடலுக்கும் "ஆமாம்" என்று சொல்ல முடிகிற வரி, தேவை அல்ல. சில மாடல்களையாவது "வேண்டாம்" என்று ஒதுக்குகிற வரியே தேவை.

ஆசையைத் தேவையாக்க இரண்டு கேள்விகள் போதும். எதற்கு? எவ்வளவு?

"பெரிசு" என்றால் எவ்வளவு?

பெரிய எந்திரம் எதற்கு? இரண்டு நாள் துணியை ஒரே தடவையில் துவைப்பதற்கு. அது எவ்வளவு? இங்கேதான் பலரும் ஊகத்தில் இறங்குகிறார்கள். ஊகம் வேண்டாம், எடை போடலாம்.

எந்திரத்தில் 6 கிலோ, 7 கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த துணியின் எடை. ஈரத் துணியின் எடை அல்ல. ஆகவே இரண்டு நாள் அழுக்குத் துணியை ஒரு மூட்டையாகக் கட்ட வேண்டும். அதைத் தூக்கிக் கொண்டு ஒருவர் எடை பார்க்கும் மெஷினில் நிற்க வேண்டும். பிறகு மூட்டை இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துணியின் எடை.

இந்த வீட்டில் அது 5½ கிலோ. துணி புரளக் கொஞ்சம் இடமும் வேண்டும் அல்லவா? ஆகவே "7 கிலோ" என்று எழுதலாம். கம்பளியும் மெத்தை விரிப்பும் மாதம் ஒரு தடவை வருபவை. அவற்றுக்காக 10 கிலோ எந்திரம் வாங்க வேண்டியதில்லை.

மொட்டை மாடித் தொட்டி

அடுத்தது தண்ணீர். தானாகவே எல்லாம் செய்யும் எந்திரம், குழாயிலிருந்து தானே தண்ணீர் எடுத்துக் கொள்ளும். அதற்குத் தண்ணீர் ஓரளவு வேகத்தோடு வர வேண்டும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகம்.

எந்திரத்தோடு வரும் கையேட்டில், குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று போட்டிருக்கும். 0.05 மெகா பாஸ்கல் என்று இருந்தால், அதை 100 ஆல் பெருக்க வேண்டும். 5 மீட்டர் என்று கிடைக்கும். அதாவது, குழாய்க்கு மேலே சுமார் 16 அடி உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும் என்று பொருள். இந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இந்தக் குடும்பம் முதல் மாடியில் இருக்கிறது. மேலே இன்னொரு மாடி. அதற்கும் மேலே மொட்டை மாடி. அங்கே 3 அடி மேடையில் தொட்டி. ஒரு மாடிக்கு 10 அடி. முதல் மாடித் தரையிலிருந்து தொட்டி 23 அடி உயரத்தில் இருக்கிறது. குழாய், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கிறது. மீதி 20 அடி. ஆகவே கவலை இல்லை.

ஆனால் இரண்டாம் மாடிக்காரர் கதை வேறு. தொட்டி அவருடைய தலைக்கு மேலேயே இருக்கிறது. அவருடைய குழாய்க்கு மேலே 10 அடிதான்! அதே எந்திரத்தை அவர் வாங்கினால், தண்ணீர் நிரம்ப நெடுநேரம் ஆகும். அல்லது எந்திரம் நடுவில் நின்றுவிடும். ஒரே கட்டடம், ஒரே எந்திரம்; ஒருவருக்கு நல்லது, இன்னொருவருக்கு உதவாது.

இடமும் எடையும்

எந்திரம் சமையலறைக்குப் பின்னால் உள்ள சிறு தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். அங்கே அகலம் 26 அங்குலம். அதற்குப் போகும் கதவு 27 அங்குலம். இரண்டையும் எழுத வேண்டும். மேலே கடப்பைக் கல் பலகை இருந்தால், அதன் உயரத்தையும் எழுத வேண்டும். மேலே திறக்கும் எந்திரத்தின் மூடி, நிமிர்ந்து நிற்க இடம் கேட்கும். முன்பக்கம் திறக்கும் எந்திரம், எதிரே கதவு விரியவும் ஆள் குனியவும் இடம் கேட்கும்.

ஈக்காட்டுத்தாங்கலில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் இன்னொரு வரியும் எழுத வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. ஈக்காட்டுத்தாங்கல் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சலவை எந்திரத்தின் மோட்டார் இருப்பது அடிப்பகுதியில். முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே போதும், அது மூழ்கிவிடும்.

ஆகவே அவர்கள் எழுத வேண்டிய வரி: "இரண்டு பேர் தூக்கி மாடிப்படி ஏற்ற முடிய வேண்டும்." இந்த ஒரு வரி பெரிய வேலை செய்யும். முன்பக்கம் திறக்கும் எந்திரங்களில், ஆட்டத்தை அடக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். அவை 60 கிலோவையும் தாண்டும். மேலே திறக்கும் எந்திரம் ஏறக்குறைய அதில் பாதி எடைதான்.

இரண்டு தேவைகள் மோதும்போது

இந்தக் குடும்பம் பட்டியலை எழுதி முடித்தது. அப்போது ஒரு சிக்கல் தெரிந்தது.

ஒரு வரி சொல்கிறது: "குழாயில் தண்ணீர் வராத நாளில், வாளியால் ஊற்றித் துவைக்க முடிய வேண்டும்." 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. அதை யார் மறப்பார்கள்?

இன்னொரு வரி சொல்கிறது: "பாட்டி குனிந்து ஈரத் துணியைத் தூக்கக் கூடாது."

வாளியால் ஊற்றுவதற்கு வசதியானது இரட்டைத் தொட்டி எந்திரம். ஆனால் அதில், துவைத்த ஈரத் துணியைக் கையால் எடுத்துப் பிழியும் தொட்டியில் போட வேண்டும். பாட்டிக்கு ஆகாதது அதுதான்! தானே துவைத்துத் தானே பிழியும் எந்திரம் பாட்டிக்கு ஏற்றது. ஆனால் அது குழாயை நம்பி இருக்கிறது. ஒவ்வொரு அலசலுக்கும் வாளி வாளியாக ஊற்றிக் கொண்டிருக்க முடியாது. ஒரு தடவை துவைக்கவே 100 லிட்டருக்கு மேல் ஆகும்.

இரண்டும் கிடைக்கும் மாடல் எளிதில் அகப்படாது. கடையில் இந்தச் சிக்கல் வந்தால், விற்பவர் சொல்வதே முடிவாகிவிடும். வீட்டில் வந்ததால், அளந்து பார்க்க அவகாசம் இருந்தது.

எப்படி அளந்தார்கள்? குழாயில் தண்ணீர் நின்று போன நாளில், நாள்காட்டியில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். 15 நாளில் 3 குறிகள் விழுந்தன. மூன்றும் மாலை நேரம். காலையில் எல்லா நாளும் தண்ணீர் இருந்தது. ஆகவே காலையில் துவைத்தால் குழாயை நம்பலாம். வாளியால் ஊற்றும் வசதி, "இல்லாமல் முடியாது" என்ற பக்கத்திலிருந்து "இருந்தால் நல்லது" என்ற பக்கத்துக்குப் போயிற்று. பாட்டியின் இடுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

15 நாளில் 10 குறிகள் விழுந்திருந்தால், முடிவு நேர் எதிராக இருந்திருக்கும். இரட்டைத் தொட்டி எந்திரமே வாங்க வேண்டும். ஈரத் துணியை எடுத்துப் போடும் வேலை, காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் மகனுடையது என்றும் எழுதி வைக்க வேண்டும்.

முடிந்த பட்டியல்

கடைசியில் தாளில் இருந்தவை இவை.

இல்லாமல் முடியாது:
1. உலர்ந்த துணி 7 கிலோ.
2. துவைப்பதும் பிழிவதும் ஒரே தொட்டியில், தானாக.
3. குனியாமல் மேலிருந்து துணி எடுக்க வேண்டும்.
4. குழாய்க்கு மேல் 20 அடியில் தொட்டி. அந்த அழுத்தத்தில் ஓட வேண்டும்.
5. அகலம் 24 அங்குலத்துக்குள்.
6. குழாய் இணைப்பு, ஸ்டாண்டு, பிளக் வேலை எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குள்.

இருந்தால் நல்லது:
1. வாளியால் ஊற்றும் வசதி.
2. வெந்நீரில் துவைக்கும் வசதி.
3. பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம்.

ஆறு வரிகள்தான். 15, 20 வரிகள் "இல்லாமல் முடியாது" பக்கத்தில் இருந்தால், அவற்றில் ஆசைகள் புகுந்திருக்கின்றன என்று அறியலாம். ஒவ்வொரு வரியையும் காட்டி, "இது இல்லாவிட்டால் எந்திரம் சும்மா கிடக்குமா?" என்று கேட்க வேண்டும். "கிடக்காது" என்றால், அந்த வரி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியதுதான்.

இந்தத் தாளோடு உஸ்மான் ரோட்டுக்குப் போனால், கடையில் 50 எந்திரங்கள் இருந்தாலும் பார்க்க வேண்டியவை நான்கோ ஐந்தோதான். அவற்றில் முதல் பக்கத்தில் ஒரு வரி தவறினாலும் அந்த மாடல் வேண்டாம். தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். எல்லா வரியும் தேறியவற்றுக்குள் எதை எடுப்பது என்று பார்க்கும்போதுதான், இரண்டாம் பக்கத்துக்கு வேலை.

பிள்ளைகள் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அப்போதுதான்!