இக்லாஸ் குறைந்ததா, நிமிடங்கள் குறைந்தனவா?





இக்லாஸோடு தீன் பணி செய்பவருக்குச் சோர்வு வராது என்று ஜமாஅத் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மிம்பரில் நின்று நாமே அதைச் சொல்லியும் இருக்கிறோம். இன்று அதை மறுத்து எழுதுகிறோம். அந்த வார்த்தை நம்மை நான்கு ஆண்டுகள் வாய்மூட வைத்தது; நம்மிடம் ஓதிய பிள்ளைகளின் ஹிஃப்ழையும் அது பாதித்தது.

நாம் ஹிஃப்ழு மதரஸாவில் பணிபுரியும் ஆசிரியர். வகுப்பில் 26 மாணவர்கள் இருந்தனர். மாலையில் மக்தப் பிள்ளைகள். இஷாவுக்குப் பின் வளைகுடாவில் வசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கைபேசி வழியே வகுப்பு. மதரஸா ஊதியம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாகிவிடும் என்பதால் இரவு வகுப்பை விட இயலவில்லை.

முதலில் தொண்டை கட்டியது. பருவமாற்றம் என்று எண்ணி வெந்நீர் குடித்தோம். பிறகு கோபம் வந்தது. முன்பு ஒரு பிழைக்கு மூன்று முறை திருத்திச் சொன்ன நாம், முதல் முறையிலேயே குரலை உயர்த்தினோம். ஷைத்தானின் ஊசலாட்டம் என்று கருதி இஸ்திக்ஃபாரை அதிகப்படுத்தினோம். ஒருநாள் காலை, காய்ச்சலால் இரு மாணவர்கள் வரவில்லை என்று செய்தி வந்தது. நம் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "அல்ஹம்துலில்லாஹ்". சொன்ன பிறகுதான் நாம் எதற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தோம் என்பது உறைத்தது. அப்போதும் நம் உள்ளத்தைத்தான் குற்றம் சாட்டினோமே தவிர, வேலையை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நம்மை விழிக்கச் செய்தவர் ஒரு மாணவர். வறுமையின் காரணமாகப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற கட்டளை அல்அன்ஆம், பனீ இஸ்ராயீல் ஆகிய இரு சூராக்களிலும் வருகிறது. ஒன்றில் பெற்றோருக்கு உணவளிப்பது முதலிலும், மற்றொன்றில் பிள்ளைகளுக்கு உணவளிப்பது முதலிலும் சொல்லப்படும். ஹாஃபிழ்கள் தடுமாறும் இடம் அது. அந்த மாணவர் முதல் சூராவில் தொடங்கி, இரண்டாவதற்குள் வழுக்கிச் சென்று, எட்டுப் பத்து வசனங்கள் ஓதிவிட்டுத் தாமாகவே நின்றார். "ஹஜ்ரத், நான் வேறு சூராவுக்குப் போய்விட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?" என்றார். நம் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. செவியில் ஒன்றும் விழவில்லை.

அன்றிரவு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். ஹிஃப்ழு மாணவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் மூன்று பாடங்களை ஒப்புவிக்க வேண்டும். புதிய பாடம் கேட்டுத் திருத்த 5 நிமிடம், அண்மையில் ஓதிய பக்கங்களுக்கு 10 நிமிடம், பழைய பாடமான ஒரு ஜுஸ்வுக்கு, வேகமாக ஓதினாலும், 25 நிமிடம்: ஆக 40 நிமிடம். 26 பேருக்கு 1040 நிமிடம். அதாவது 17 மணி 20 நிமிடம். நமக்கு இருந்ததோ ஃபஜ்ருக்குப் பின்னும் முற்பகலிலும் பிற்பகலிலும் சேர்த்து ஆறரை மணி நேரம். தலைக்கு 15 நிமிடம்.

மீதி 25 நிமிடத்தை எப்படி ஈடுகட்டினோம்? இருவரை ஒரே நேரத்தில் ஓதவிட்டு வலச்செவியால் ஒருவரையும் இடச்செவியால் மற்றவரையும் கேட்டோம். பழைய பாடத்தை மாணவர்களே ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளச் சொன்னோம். தவறாக மனனம் செய்தவர், தவறாக மனனம் செய்தவரிடம் ஒப்புவித்தார். பதிந்துபோன பிழையைத் திருத்துவது புதிதாக மனனம் செய்வதைவிடக் கடினம் என்பதை ஹாஃபிழ்கள் அனைவரும் அறிவர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்நிலைக்கு இடமுண்டு. அதை நோய் என்று அது சொல்லவில்லை. நெடுநாள் சீர்செய்யப்படாத பணி அழுத்தத்தின் விளைவு என்று சொல்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், பணியின் மீது விலகலும் கசப்பும், செயல்திறன் குன்றுதல். நம் தொண்டையும் கோபமும், அந்த அல்ஹம்துலில்லாஹ்வும், கேளாத செவியும் இம்மூன்றுக்குள் அடங்கிவிட்டன.

இனி இக்லாஸுக்கு வருவோம். அபுத்தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். அவர்களுடைய இக்லாஸை ஐயுறுவோர் உண்டா? விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்களை உண்ணச் செய்தார்கள். இரவின் முற்பகுதியில் உறங்கச் செய்தார்கள். கடைசிப் பகுதியில் எழுப்பி, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமையை அவரவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. ஸல்மான் (ரலி) தம் தோழரின் நிய்யத்தைத் திருத்தவில்லை; அவருடைய நேரத்தைத் திருத்தினார்கள். நாமோ ஆசிரியரின் நேரத்தைத் தொடாமல் அவருடைய நிய்யத்தை விசாரிக்கிறோம்.

அத்தாளை நிர்வாகத்தின் முன் வைத்தோம். "முன்பிருந்த ஹஜ்ரத் 40 பேரை ஓதவைத்தாரே!" என்றார் பொருளாளர். "அந்த 40 பேரில் இன்று ரமளானில் தராவீஹ் தொழவைப்பவர் எத்தனை பேர்?" என்று கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, மூன்றாவது விரலில் நிறுத்தினார்.

இரண்டாவது உஸ்தாத் வர ஏழு மாதங்கள் ஆயின. இப்போது ஆளுக்கு 13 மாணவர்கள். பழைய பாடத்தில் நாம் கேட்பது அரை ஜுஸ்வு. மற்ற அரை ஜுஸ்வை மாணவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர். மறுநாள் அது இடம் மாறும். ஒருவருக்கு 27 நிமிடம் என்றால் 13 பேருக்கு 351 நிமிடம்; ஆறரை மணி நேரமான 390 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரவு வகுப்பையும் விட்டுவிட்டோம். அவ்வருமானம் போனதால் வீட்டில் நெருக்கடி உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஊதியம் பற்றிய பேச்சு நிர்வாகத்தில் இன்னும் முடியவில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தபோது நமக்குப் பசித்தது; பிள்ளைகளோடு சிரிக்க முடிந்தது. வேலையை விட்டு விலகியும் துயரம் நீங்காமல், உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வெறுத்துப்போனால் அது வேறு. அதற்கு மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பது மருந்தாகாது. தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நிர்வாகிகளே! உங்கள் உஸ்தாதிடம் எத்தனை பேர் ஓதுகிறார்கள் என்பதைப் பெருமையாக அறிக்கையில் அச்சிடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில், ஒரு மாணவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதையும் அச்சிடுங்கள். பெற்றோர்களே! பிள்ளை எத்தனை ஜுஸ்வு முடித்தான் என்று கேட்கும்போது, இன்று ஹஜ்ரத் எவ்வளவு நேரம் கேட்டார் என்றும் கேளுங்கள். உஸ்தாதுகளே! இக்லாஸைப் பற்றி அல்லாஹ்விடம் அழுங்கள். நிமிடங்களைப் பற்றி நிர்வாகத்திடம் பேசுங்கள். இரண்டையும் இடம் மாற்றிச் செய்ததுதான் நமது தவறு.

அந்த மாணவர் சென்ற வாரம் அதே சூராவை ஓதினார். அதே இடத்தில் வழுக்கினார். இம்முறை நாம் உடனே தடுத்தோம்.

வஸ்ஸலாம்.